வழங்குநர் தரத் தணிக்கைக்கு நாள் குறித்தல்: தூத்துக்குடிக் கணவாய் ஆலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியும் அதன் எல்லையும்

கொள்முதல் செய்யும் நிறுவனம் தனக்குப் பொருள் தருபவரின் ஆலைக்கு எப்போது செல்ல வேண்டும், அங்கே எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும், எந்த ஏடுகளைக் கேட்க வேண்டும், யார் யார் உடனிருக்க வேண்டும் என்பவை பொதுவாக அலுவலக ஏற்பாடுகளாகவே கருதப்படுகின்றன. ஒரு மின்னஞ்சலில் நாள் குறிக்கப்படுகிறது, இன்னொன்றில் பட்டியல் இணைக்கப்படுகிறது, தங்கும் விடுதி பதிவாகிறது. ஆனால் தணிக்கையில் எது கண்ணில் படும், எது படாமல் போகும் என்பதில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வழங்குநரின் வழக்கமான வேலையை வழக்கமான நிலையில் காண்பதற்கு வருகையை எவ்வாறு அமைப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தணிக்கைகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். நிறுவனம் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது முதல் தரப்புத் தணிக்கை. வாங்குபவர் வழங்குநரைச் சோதிப்பது இரண்டாம் தரப்புத் தணிக்கை. இருவரையும் சாராத சான்றளிப்பு நிறுவனமோ அரசு அமைப்போ சோதிப்பது மூன்றாம் தரப்புத் தணிக்கை. இங்கே முதன்மையாகப் பேசப்படுவது இரண்டாம் வகை. அதற்குத் தூத்துக்குடியில் கணவாயைச் சுத்தம் செய்து உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் பொருத்தமான களம். கணவாய் என்ற பெயரில் ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் ஆகிய மூன்றும் அடங்கும். இவற்றின் தரம் கெடும் இடங்கள் பெரும்பாலும் இரவிலும், ஆலையின் மதிலுக்கு வெளியிலும், ஆண்டின் சில வாரங்களிலும் குவிந்திருப்பதால், நாள் குறிப்பதில் நேரும் பிழை இங்கே பிற தொழில்களைக் காட்டிலும் தெளிவாகத் தெரிகிறது.

மாதிரியைப் பார்த்து முடிவு செய்த மரபு

சரக்கை வாங்கும் முன் மாதிரி எடுத்து மதிப்பிடுவது மன்னார் வளைகுடாவுக்குப் பழைய பழக்கம். முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுவதற்கு முன் கடலடியில் சிப்பிகள் வாழும் பார்கள் பார்வையிடப்பட்டன; குளியாளிகள் எடுத்துவந்த மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பறிந்த வணிகர்களைக் கொண்டு விலை மதித்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு தேறும் என்று கணித்த பின்பே குளிப்பு நடத்துவதா ஒத்திப்போடுவதா என்று முடிவு செய்யப்பட்டது. இதில் இன்றைய தணிக்கைத் திட்டத்தின் கூறுகள் பலவும் உண்டு: குறித்த பருவம், குறித்த இடங்கள், மதிப்பிடும் தகுதியுள்ளோர்.

அதன் வரம்பும் இதே கடலில் வெளிப்பட்டது. வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்கள் 1903 முதல் சில ஆண்டுகள் நல்ல விளைச்சல் தந்த நிலையில், அவற்றை 1906இல் ஒரு நிறுவனம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்களில் குளிப்புக்கு ஏற்ற சிப்பி இல்லாமற்போக, அந்நிறுவனம் குத்தகைக் காலம் முடியும் முன்பே கலைந்தது. மாதிரிச் சிப்பி அன்றைய மதிப்பைச் சரியாகவே சொல்லியிருக்கலாம். அடுத்த ஆண்டில் பார் எப்படியிருக்கும் என்பதை அது சொல்லவில்லை.

சுதந்திர இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியும் முதலில் மாதிரி வழியையே தேர்ந்தது. 1963ஆம் ஆண்டின் ஏற்றுமதி (தரக் கட்டுப்பாடு மற்றும் ஆய்வு) சட்டத்தின் கீழ் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் அமைந்தது. 1965 முதல் மீன் பொருள்களுக்குக் கட்டாய ஆய்வு வந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு சரக்குத் தொகுதியிலிருந்தும் சில பெட்டிகளை எடுத்துச் சோதித்துச் சான்று தரப்பட்டது. இந்நிலைப்பாட்டின் வலிமை, தீர்ப்பு பொருளின் மேலேயே அமைவது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. நுண்ணுயிரோ கன உலோகமோ ஒரு தொகுதி முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. சில பெட்டிகளின் முடிவைப் பிற பெட்டிகளுக்கு நீட்டுவது ஓரளவுக்கே பொருந்தும். குறை தெரியவரும் நேரத்தில் சரக்கு கப்பலுக்குத் தயாராக இருக்கும் என்பது இன்னொரு சிக்கல்.

இதற்கு மாற்றாக, பொருளைச் சோதிப்பதைவிடப் பொருள் உருவாகும் வழியைக் கட்டுப்படுத்துவதே மேல் என்ற கருத்து வலுப்பெற்றது. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக வகுக்கப்பட்ட எச்.ஏ.சி.சி.பி. முறை, அதாவது ஆபத்து எங்கே நுழையக்கூடும் என்று படிப்படியாக ஆராய்ந்து அந்த முனைகளில் மட்டும் அளவிட்டுக் கட்டுப்படுத்தும் முறை, இக்கருத்தின் முதன்மை வடிவம். இந்தியாவில் இது வேகம் பிடித்ததற்குக் காரணம் ஒரு தணிக்கை வருகைதான். 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர்கள் இந்திய ஆலைகளைப் பார்வையிட்டுச் சுகாதாரக் குறைகளைச் சுட்டியதைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியக் கடலுணவுக்குத் தடை வந்தது. தகுதி பெற்ற ஆலைகளின் பட்டியல் அடிப்படையில் ஆண்டின் இறுதியில் அது தளர்த்தப்பட்டது. அதன் பின்பு ஆலையும், கச்சாப் பொருளை முதலில் சுத்தம் செய்யும் முன்பதன நிலையமும், ஐஸ் ஆலையும் அங்கீகார வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

ஆனால் மாதிரிச் சோதனை விடைபெற்றுவிடவில்லை. 2016இல் இந்திய வளர்ப்பு இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் தொடர்ந்து காணப்பட்டதால், ஐரோப்பிய எல்லையில் சோதிக்கப்படும் தொகுதிகளின் பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வழிமுறையின் மீதுள்ள நம்பிக்கை குறையும்போதெல்லாம் மாதிரி திரும்பி வருகிறது என்று இதைப் படிக்கலாம்.

முன்னறிவிப்பா, திடீர் வருகையா

வழிமுறையைப் பார்ப்பதே தணிக்கை என்று ஏற்ற பின் எழுந்த அடுத்த வாதம், சொல்லிவிட்டுச் செல்வதா சொல்லாமல் செல்வதா என்பது. முன்னறிவிப்பை ஆதரிப்போர், உரிய ஆட்களும் ஏடுகளும் இருந்தால்தான் உரையாடல் பயனுள்ளதாகும் என்றும், வாங்குபவருக்கும் வழங்குநருக்கும் உள்ள உறவு பல ஆண்டுகள் நீடிக்க வேண்டியது என்றும் சொல்கின்றனர். மறு தரப்பு, அறிவித்த நாளில் காண்பது ஆலையின் விருந்து முகத்தை மட்டுமே என்கிறது.

மறு தரப்புக்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2008-09இல் நிலக்கடலைப் பொருள்கள் வழியே பரவிய சால்மொனெல்லா நோய்க்குக் காரணமான ஆலை, அதற்குச் சற்று முன் நடந்த தணிக்கையில் மிக உயர்ந்த தர மதிப்பைப் பெற்றிருந்தது. 2011இல் முலாம்பழம் வழியே லிஸ்டீரியா பரவி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், அந்தப் பண்ணையின் பொதிக்கூடம் அண்மைத் தணிக்கையில் 96 மதிப்பெண் பெற்றிருந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின், பிரிட்டிஷ் சில்லறை வணிகர்கள் 1998இல் தொடங்கிய பி.ஆர்.சி. உணவுத் தரநிலை உள்ளிட்ட சான்றளிப்புத் திட்டங்கள், மூன்று ஆண்டுகளில் ஒரு முறையேனும் அறிவிக்காத தணிக்கை நடக்க வேண்டும் என்ற விதியை ஏற்றன.

தூத்துக்குடி போன்ற இடத்தில் திடீர் வருகைக்குத் தனிச் சிக்கல் உண்டு. காற்று எச்சரிக்கையால் படகுகள் கடலுக்குப் போகாத நாளில் சொல்லாமல் வந்து நிற்பவர் கழுவித் துடைத்த காலி மேசைகளையே காண்பார். அவ்வாறு காண்பது முன்னறிவித்த வருகையில் காண்பதைவிடக் குறைவு. ஆக, அறிவிப்பா இல்லையா என்று மட்டும் வாதிடுவது, ஆபத்து உயிரோடிருக்கும் நேரம் எது என்ற முந்தைய கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

தொழிலாளர் நலத் தணிக்கைகளில் பழகிவரும் இடைவழி ஒன்று இங்கே கவனத்துக்குரியது. அதில் வருகை நடக்கும் கால இடைவெளி மட்டும் அறிவிக்கப்படும், நாள் சொல்லப்படாது. கணவாய் ஆலைக்கு இதைப் பொருத்தினால், ஒரு மாதம் முன்பே இரண்டு வாரக் கால வரம்பைத் தெரிவித்து, அதற்குள் படகுகள் கடலுக்குச் சென்ற ஒரு நாளைத் தணிக்கைக் குழு தேர்ந்துகொள்ளலாம். ஏடுகளைத் திரட்டவும் ஆட்களை ஊரில் வைத்திருக்கவும் ஆலைக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே ஒரு நாளுக்கென்று ஒப்பனை செய்ய மட்டும் இயலாமற்போகிறது. கருத்தளவில் நிற்கும் இரு தரப்புகளையும்விட இது வலுவான நிலைப்பாடு என்றே தோன்றுகிறது.

கடலின் நாட்காட்டி

அந்த இரண்டு வாரம் எது என்பதைக் கடல்தான் முதலில் சொல்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இக்காலத்தில் உள்ளூர் விசைப்படகுக் கணவாய் வராது. ஆலை ஓடினால் அது கிடங்கிலுள்ள இருப்பையோ வளர்ப்பு இறாலையோ மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வரும் சரக்கையோ கொண்டுதான் ஓடும். மேற்குக் கரையின் தடை ஜூனில் தொடங்கி ஜூலை 31 வரை நீடிப்பதால், ஒரே ஆலையின் கச்சாப் பொருள் மே மாதத்தில் ஒரு கடலிலிருந்தும் ஜூலையில் இன்னொரு கடலிலிருந்தும் வரக்கூடும். மே மாதத்தில் தணிக்கை செய்தவர் ஜூலைச் சரக்கின் வழங்கல் வழியைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

தடை நீங்கிய முதல் வாரங்களில் வரத்து குவியும்போது சுத்தம் செய்யும் கைகளுக்கும் உறைய வைக்கும் எந்திரங்களுக்கும் மிகுந்த நெருக்கடி ஏற்படுகிறது. குறைகள் இந்த நெருக்கடியில்தான் தலைகாட்டும் என்பதால் ஜூன் பிற்பகுதியும் ஜூலையும் தணிக்கைக்கு ஏற்றவை. ஆலைக்கு மிகவும் தொல்லை தரும் காலமும் அதுவே. ஆலை மேலாளர்கள் அக்காலத்தை விரும்பமாட்டார்கள் என்பது புரிந்துகொள்ளத்தக்கது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா பேராலயத் திருவிழா நடப்பதால் அந்நாட்களில் வரத்தும் ஆட்களும் குறைவது இயல்பு. கால வரம்பை அதற்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலம் இன்னொரு வகைச் சோதனை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பெருமழை போன்றவற்றின்போது மின்சாரமும் சாலையும் நின்ற நாட்களில் குளிர் கிடங்கு எப்படி இருந்தது என்பதை அப்போது நேரில் பார்க்க முடியாது. பின்னர் ஏட்டில்தான் தேட வேண்டும்.

வாரத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குச் செல்லாத ஊரில் திங்கள் பகலில் ஆலையில் புதுக் கச்சாப் பொருள் அரிது. செவ்வாய் அல்லது புதனில் தொடங்குவதே பொருத்தம்.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது மணி. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்பும் ஒருநாள் மீன்பிடிப்பே அங்குள்ள முறை. பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தங்குகடல் முறை தருவைகுளம் போன்ற ஊர்களின் படகுகளுக்கு உரியது. காலை 8 மணிக்கு வலையில் ஏறிய கணவாய் இரவு 9 மணிக்குத் துறைமுகத்தில் இறங்கி, ஏலம் முடிந்து, முன்பதன நிலையத்தை அடைய நள்ளிரவு நெருங்கிவிடலாம். காலை 10 மணிக்கு ஆலை வாசலில் இறங்கி மாலை 5 மணிக்கு விடைபெறும் தணிக்கையாளர், கணவாய் வாங்கப்பட்டதையோ ஐஸ் போடப்பட்டதையோ குடல் நீக்கப்பட்டதையோ காண்பதில்லை. அவர் காண்பது உறைந்த பெட்டிகளையும் கழுவிய தரையையும். சான்றிதழ்கள் பலவற்றின் பின்னால் இந்த ஏழு மணி நேரம் மட்டுமே இருக்கிறது என்பது சற்று உறுத்தலான செய்தி.

தணிக்கையாளரின் சொந்த நேரமும் முடிவைப் பாதிக்கிறது. மரியா இபான்யஸ், மைக்கேல் டோஃபெல் ஆகியோர் அமெரிக்காவில் உணவுச் சுகாதார ஆய்வுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே நாளில் அடுத்தடுத்து நடக்கும் ஆய்வுகளில் பின்னால் வருபவற்றிலும், பணி நேரம் முடிந்தும் நீளக்கூடிய ஆய்வுகளிலும் குறைவான விதிமீறல்களே பதிவாவதைக் காட்டியது. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆயினும் பகல் முழுவதும் ஏடு பார்த்துக் களைத்தவரை இரவுத் துறைமுகத்துக்கு அனுப்பும் திட்டம் நல்லதல்ல என்ற அளவுக்கு அது எச்சரிக்கை தருகிறது. முதல் நாள் இரவு 8 மணிக்குத் துறைமுகத்தில் தொடங்கி, முன்பதன நிலையம் வழியாக விடியற்காலை ஆலையின் கச்சாப் பொருள் வாசலில் முடித்து, ஓய்வுக்குப் பின் மறுநாள் பிற்பகலில் ஏடுகளை எடுப்பது இதற்குப் பொருந்தும் வரிசை.

எந்தெந்த இடங்கள்

ஆய்வு இடங்களைப் பட்டியலிடுவதில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, தரநிலையின் பிரிவு வரிசைப்படி வேலி, கூரை, வடிகால், கழிப்பறை, பூச்சித் தடுப்பு என்று எல்லாவற்றையும் சமமாகப் பார்ப்பது. மற்றொன்று, அந்தப் பொருளுக்கே உரிய ஆபத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பாதையில் நடப்பது. முதலாவது எதையும் விட்டுவிடாது. ஆனால் எதிலும் நேரம் செலவிடாது. கணவாயைப் பொறுத்தவரை இரண்டாவதன் மேன்மையைக் காட்மியம் என்ற கன உலோகம் காட்டுகிறது.

கணவாய் தன் உணவின் வழியே பெறும் காட்மியத்தைப் பெரும்பாலும் ஈரல் போன்ற செரிமானச் சுரப்பியில் சேர்த்துவைக்கிறது. உண்ணப்படும் உடற்சதையில் அளவு குறைவு. குடலும் சுரப்பியும் நீக்கிய கணவாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள உச்ச வரம்பு கிலோவுக்கு 1.0 மில்லிகிராம். விரைவாகவும் கிழியாமலும் சுரப்பி நீக்கப்பட்டால் பெரும்பாலான கணவாய் இவ்வரம்புக்குள் அடங்கும் என எதிர்பார்க்கலாம். சுரப்பி உடைந்து சதையில் வடிந்தாலோ, முழுக் கணவாயை அப்படியே உறைய வைத்துப் பிறகு உருக்கிச் சுத்தம் செய்தாலோ, காட்மியம் சதைக்குள் கசியும். அதன்பின் எத்தனை முறை கழுவினாலும் அது முழுவதும் வெளியேறாது. இந்தியக் கணவாய் ஐரோப்பிய எல்லையில் காட்மியத்தால் நிறுத்தப்பட்ட நிகழ்வுகள் பல.

ஆகவே முதலிடம், சுத்தம் செய்யும் மேசை. சுரப்பியும் மைப்பையும் முழுதாக வருகின்றனவா, உடைந்தவை தனியே ஒதுக்கப்படுகின்றனவா, மேசையில் காத்திருக்கும் குவியலுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கிறதா, குவியலின் நடுவே செருகிய வெப்பமானி 4 டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்பதை நின்று பார்க்க ஒரு மணி நேரமாவது தேவை. இந்த மேசை ஆலைக்குள் இல்லாமல் வேறிடத்து முன்பதன நிலையத்தில் இருந்தால், தணிக்கை அங்கே போக வேண்டும். அதை “வெளி இடம்” என்று விட்டுவிடும் திட்டம் ஆபத்தின் மையத்தையே விட்டுவிடுகிறது. ஏட்டில் அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் பெயர் இருக்க, நெருக்கடியில் வேலை வேறொரு கூடத்தில் நடக்கக்கூடும். அன்றிரவு வந்த எடையையும் மேசையிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், அத்தனை கைகளால் அவ்வளவையும் விடிவதற்குள் சுத்தம் செய்ய முடியுமா என்று கணக்கிடலாம். முடியாதென்றால் மீதி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது இடம், ஊறவைக்கும் தொட்டிகள். சதையில் நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புகள் அளவோடு, வாங்குபவர் ஒப்புதலோடு, உறையில் குறிப்பிட்டுப் பயன்படுத்தப்படலாம். மறைவாகவோ மிகையாகவோ பயன்படும்போது வாங்குபவர் தண்ணீரைக் கணவாய் விலைக்கு வாங்குகிறார். தொட்டியருகே எழுதி ஒட்டிய அளவும், ரசாயனக் கிடங்கின் இருப்பேடும், அம்மாதம் ஊறிய சரக்கின் எடையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உறைவிப்பானும் குளிர் கிடங்கும் மூன்றாவது. பொருளின் நடுப்பகுதி கழிதல் 18 டிகிரியை எட்டிய பின்னரே வெளியே எடுக்கப்பட்டதா என்பதை எந்திரத்தின் முகப்பு எண் சொல்லாது. கட்டியைத் துளைத்து அளந்தே அறிய முடியும். ஐஸ் ஆலை, தண்ணீர், உலோகம் கண்டறியும் கருவி ஆகியவற்றைத் தரநிலைப் பட்டியல்படி பார்த்தால் போதுமானது.

ஏடுகள்: முன்பே கேட்பவையும் அங்கே கேட்பவையும்

ஆவணங்களைப் பற்றிய கருத்து வேறுபாடு பெரும்பாலும் அளவைப் பற்றியதாக இருக்கிறது. எப்போது கேட்பது என்பதே மேலும் தேவையான கேள்வி. மாறாத ஆவணங்களை முன்பே பெற்றுப் படித்துவிடலாம்: ஆலைக்கும் முன்பதன நிலையத்துக்கும் உரிய அங்கீகாரச் சான்று, ஆலை வரைபடம், எச்.ஏ.சி.சி.பி. திட்டம், கச்சாப் பொருள் தருவோர் பட்டியல், தண்ணீர்ச் சோதனை முடிவு, ஏற்றுமதி ஆய்வு முகமையின் கடைசிக் கண்காணிப்பு அறிக்கையும் அதற்கு ஆலை தந்த பதிலும், கடந்த ஓராண்டில் திரும்பி வந்த அல்லது எல்லையில் நிறுத்தப்பட்ட சரக்குகளின் பட்டியல். அன்றாட ஏடுகளை முன்கூட்டியே கேட்கக் கூடாது. கேட்டால் அவை அழகாக வந்து சேரும்.

அன்றாட ஏடுகளைத் திறக்க நல்ல வழி, தணிக்கையாளர் தாமே குளிர் கிடங்குக்குள் சென்று ஒரு பெட்டியைத் தேர்ந்து, அதன் குறியீட்டிலிருந்து பின்னோக்கிப் படகு வரை நடப்பது. பெட்டி, உறைய வைத்த நாள், சுத்தம் செய்த மேசை, வாங்கிய இரவு, தந்த வியாபாரி, படகு என்று இந்தச் சங்கிலி நான்கு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது சான்றளிப்புத் தரநிலைகளில் வழங்கும் அளவுகோல். கடலில் பிடித்த மீனுக்கு ஐரோப்பா 2010 ஜனவரி முதல் பிடிப்புச் சான்றைக் கட்டாயமாக்கியதாலும், இந்தியாவில் அதைக் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் சரிபார்த்து அளிப்பதாலும், படகின் பெயர் வரை செல்லும் காகிதம் ஒன்று எப்படியும் இருக்கும். அந்தக் காகிதத்திலுள்ள படகும் கச்சாப் பொருள் வாசல் ஏட்டிலுள்ள படகும் ஒன்றுதானா என்பதே சோதனை.

அடுத்தது எடைக் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஓர் இரவில் 2,000 கிலோ முழுக் கணவாய் வாங்கியதாக வாசல் ஏடு சொல்கிறது என்று கொள்ளலாம். சுத்தம் செய்த பின் 55 விழுக்காடு தேறும் என்பது அந்த ஆலையே தந்த சராசரியானால், 1,100 கிலோ, அதாவது 20 கிலோ பெட்டிகளாக 55 பெட்டி கிடைக்க வேண்டும். கிடங்கில் அதே தொகுதி எண்ணுடன் 68 பெட்டிகள் இருந்தால் 260 கிலோவுக்கு விளக்கம் தேவை. மேலே பூசிய பனிப்படலம் நிகர எடையில் சேராது; ஆதலால் அது விளக்கமாகாது. மீதமுள்ள வாய்ப்புகள் சிலவே: ஏட்டில் ஏறாத இடத்திலிருந்து சரக்கு வந்திருக்கலாம், வேறு நாளின் சரக்கு இந்த எண்ணில் கலந்திருக்கலாம், அல்லது கணவாய் தண்ணீர் குடித்திருக்கலாம். ஈரப்பதச் சோதனை கடைசி வாய்ப்பைப் பிரித்துக் காட்டும். முதல் இரண்டில் எது நடந்திருந்தாலும் பின்னோக்கித் தேடும் சங்கிலியே பொய்யாகிறது. அளவு பெரிதாகவும் இனம் வேறாகவும் இருந்தால் தேறும் விகிதம் மாறும் என்பதால், சில விழுக்காடு வேறுபாட்டைக் குற்றமாகக் கொள்வது தவறு. கால் பங்கு வேறுபாடு அப்படியல்ல.

வெப்பநிலை ஏடுகள் பொய்த்தால் கண்டறிய, அவற்றை அவற்றோடு தொடர்பில்லாத வேறோர் ஏட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். டீசல் ஜெனரேட்டர் ஏட்டில் மின்தடை ஐந்து மணி நேரம் என்றிருக்க, அதே இரவின் குளிர் கிடங்கு ஏடு மணிக்கு மணி ஒரே எண்ணைக் காட்டினால், இரண்டிலொன்று மேசையிலமர்ந்து எழுதப்பட்டது. பராமரிப்புப் பிரிவின் ஏடுகளைத் தரப் பிரிவு எப்போதும் ஒத்திகை பார்த்து வைப்பதில்லை. அதுவே அவற்றின் பயன்.

யார் உடனிருக்க வேண்டும்

தணிக்கையாளர் யார் என்பது குறித்த ஆய்வுகளுள் முதன்மையானது குஜராத்தில் நடந்தது. எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகியோர் அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆலையே தேர்ந்து கூலி கொடுக்கும் தணிக்கையாளர்கள் மாசளவை வரம்புக்குச் சற்றே கீழே இருப்பதாகத் தொடர்ந்து எழுதியது தெரியவந்தது. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து ஊதியம் தந்து, சில அளவீடுகளை மறுசோதனை செய்தபோது அறிக்கைகள் உண்மையை நெருங்கின. ஆலைகளின் மாசும் குறைந்தது. இரண்டாம் தரப்புத் தணிக்கையில் ஊதியம் வாங்குபவரிடமிருந்து வருவதால் இச்சிக்கல் குறைவு என்று சொல்வதுண்டு. முழுவதும் அப்படியல்ல. வாங்குபவரின் கொள்முதல் பிரிவுக்குச் சரக்கு விரைவில் வேண்டும். அப்பிரிவின் ஆள் குழுவுக்குத் தலைமை தாங்கினால் கண்டுபிடிப்புகள் மென்மையாகும் வாய்ப்பு உண்டு. அவர் உடன்வரலாம், அறிக்கை எழுதுபவர் வேறாக இருக்க வேண்டும்.

ஜோடி ஷார்ட், டோஃபெல், ஆண்ட்ரியா ஹியூகில் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு தொழிலாளர் நிலைத் தணிக்கைகளைப் பற்றியது. பயிற்சி மிகுந்த குழுக்களும், ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுக்களும் கூடுதல் விதிமீறல்களைப் பதிவு செய்ததாக அது கூறுகிறது. கணவாய் சுத்தம் செய்வோர் பெரும்பாலும் பெண்களாக இருக்கும் கூடங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ் பேசும் ஒரு பெண்ணாவது குழுவில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரை மொழிபெயர்ப்பாளராக்கினால் மேசைக்காரர் சொல்வது தணிக்கையாளரை வந்தடையாது. வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தால் அவர்களுடைய மொழியையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

ஆலைத் தரப்பில் நிர்வாக இயக்குநர் தொடக்கக் கூட்டத்துக்கும் நிறைவுக் கூட்டத்துக்கும் போதும்; அவர் கூடவே நடந்தால் எவரும் வாய் திறப்பதில்லை. எல்லா நேரமும் தேவைப்படுபவர் டெக்னாலஜிஸ்ட் என்று ஆலைகளில் அழைக்கப்படும் தரப் பொறுப்பாளர். அவரளவுக்குத் தேவையானவர்கள், அழைப்புக் கடிதங்களில் பெரும்பாலும் இடம்பெறாத நால்வர்: இரவு நேர மேற்பார்வையாளர், துறைமுகத்தில் வாங்கும் ஏஜென்ட், குளிர்பதன எந்திரம் இயக்குபவர், முன்பதன நிலையப் பொறுப்பாளர். இவர்களுள் ஏஜென்ட் ஆலையின் ஊழியராக இல்லாமலிருக்கலாம். பல ஆலைகளுக்கு ஒரே நேரத்தில் வாங்கலாம். அவரை வரவழைக்க முடியாத ஆலை, தன் கச்சாப் பொருளின் மீது தனக்குள்ள பிடியின் அளவை அதன் மூலமே தெரிவிக்கிறது.

எஞ்சி நிற்பவை

இந்நிலைப்பாடுகளுள் சிலவற்றுக்கு ஆதாரம் திடமாக இருக்கிறது. சரக்கு வரும் நேரத்தில் பார்ப்பதும், பெட்டியிலிருந்து பின்னோக்கி நடப்பதும், அறிக்கை எழுதுபவரை வாங்கும் பொறுப்பிலிருந்து பிரிப்பதும் அவ்வகையின. கால வரம்பை மட்டும் அறிவிக்கும் முறை கடலுணவில் கூடுதலாக எதைக் கண்டுபிடிக்கிறது என்பது இன்னும் அளந்து நிறுவப்பட வேண்டியது. தொழிலாளர் தணிக்கைகளிலிருந்து இரவல் பெற்ற நம்பிக்கையே இப்போதைக்கு அதன் பின்னால் உள்ளது.

செலவு யாருடையது என்பதும் தீரவில்லை. ஓர் ஆலை ஐந்தாறு வாங்குபவர்களுக்கு ஏற்றுமதி செய்தால், ஒவ்வொருவரும் ஜூலையின் அதே இரண்டு வாரத்தைக் கேட்கும்போது தணிக்கையே நெருக்கடிக்குக் காரணமாகலாம். ஒருவரின் அறிக்கையை மற்றவர் ஏற்பது இதற்குச் சொல்லப்படும் தீர்வு. 2008இலும் 2011இலும் அமெரிக்காவில் தவறியதும் பிறர் அறிக்கையின் மீது வைத்த அத்தகைய நம்பிக்கைதான். படகில் கழியும் பதின்மூன்று மணி நேரத்தை எந்த ஆலைத் தணிக்கையாலும் பார்க்க முடியாது என்பது எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி. படகில் எவ்வளவு ஐஸ் ஏறியது என்ற கணக்கும், இறங்கும்போது கணவாயின் வெப்பநிலையும் மட்டுமே அதற்குள்ள மறைமுகச் சான்றுகள். இவ்விரண்டையும் துறைமுகத்திலேயே அளந்து எழுதும் பொறுப்பை வாங்குபவர்கள் கொள்முதல் ஒப்பந்தத்தில் சேர்க்காத வரை, ஒரு தணிக்கை அறிக்கையின் தீர்ப்பு கரையில் நடந்ததற்கு மட்டுமே செல்லும்.